காக்காய் எங்கே, வடை யாரிடம்?

அன்புள்ள ஐயா,

போன வியாழக்கிழமை ராத்திரி, கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் 😭🚌🏠🍛🙏 என்று மட்டும் அனுப்பினாள். அதைப் பார்த்த என் மாமியார் "யாரு கண்ணு போயிட்டாங்க?" என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். மெஸ் சாப்பாடு தாங்கவில்லை, நாளைக்கு பஸ் ஏறி வருகிறேன், சோறு ஆக்கி வையுங்கள் என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். சரி, நாமும் செய்து பார்ப்போமே என்று பாட்டி வடை சுட்ட கதையை 👵🍩🐦🌳🦊🎤🍩🏃 என்று போட்டேன். எங்கள் நங்கையா, "பேக்கரி தொறக்கறீங்களா?" என்று கேட்டார். இப்படி ஒரு கதையை முழுதாகச் சொல்ல முடியுமா? இதனால் தமிழ் அழிந்துவிடுமா?

வி., பெருந்துறை

அன்புள்ள வி.,

தமிழ் அதுபாட்டுக்கு இருக்கும், அந்தக் கவலையை விடுங்கள். எனக்கு உங்கள் மாமியாரைப் பற்றித்தான் பேசவேண்டும். அந்த வரியை அவர் தப்பாகப் படிக்கவில்லை. நம் பக்கத்தில் இரங்கல் செய்தி குரூப்பில் வந்தால் கீழே வரிசையாக என்ன விழுகிறது? 🙏 தானே? முதலில் அழுகிற முகம், கடைசியில் கும்பிடு, நடுவில் பஸ், வீடு, சாப்பாடு. சொந்தபந்தம் பஸ் ஏறி இழவு வீட்டுக்கு வருகிறது, சாப்பிட்டுப் போகிறது. ஐந்து படங்களுக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது, எதுவும் மிச்சமில்லை. நல்ல வாசிப்பு. உங்கள் மகள் வயதுக்காரர்கள் 😭 போடுவது சிரிப்பு தாங்காமலும் இருக்கலாம், ஆசை தாங்காமலும் இருக்கலாம். மாமியார் வயதுக்காரர்களுக்கு அது கண்ணீர், வேறு எதுவும் இல்லை. குரூப்பில் இரண்டு வயதும் இருக்கும்போது எழுதுகிறவள்தான் பார்த்து எழுதவேண்டும்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. முக எமோஜியை வரியின் தலையில் வைக்கக்கூடாது. தலையில் வைத்தால் அது மொத்தச் செய்திக்கும் தலைப்பாகிவிடும். எதனால் அந்த முகமோ அதற்கு அடுத்தபடியாக ஒட்டி வைக்கவேண்டும். 🏫🍛🤢 என்று முதல் வரி. 👧🚌➡️🏠 என்று இரண்டாவது. 🏠🍛😋 என்று மூன்றாவது. இதைப் பார்த்து யாரும் அழமாட்டார்கள். "நாளைக்கு" என்பதை மட்டும் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், அதற்குப் படம் கிடையாது. இல்லை என்று சொல்வதும் இப்படித்தான். 🚌❌ என்றால் பஸ் வரவில்லையா, பஸ்ஸை விட்டுவிட்டாளா, வரவே போவதில்லையா என்று எந்தக் கொம்பனாலும் சொல்லமுடியாது.

நடுவில் அந்த ➡️ எதற்கு என்று கேட்பீர்கள். போனை எடுத்து 🚌 படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் அதன் முகப்பு இடது பக்கம் இருக்கும். 🚗, 🚜, 🏃, 🚶 எல்லாம் அப்படியே. நாமோ இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அதனால் 🚌🏠 என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பிப் போகிற பஸ். உங்கள் கதையின் கடைசியிலும் இதே கோளாறுதான். 🍩🏃 என்று எழுதி, வடையோடு நரி ஓடிவிட்டது என்று நினைத்துக்கொண்டீர்கள். படத்தில் இருப்பவன் ஒரு மனிதன். அவன் வடையைப் பார்த்து, கதையின் ஆரம்பத்தை நோக்கி ஓடுகிறான். பாட்டியின் வீட்டுக்காரராக இருக்குமோ என்னவோ.

இந்தக் குறை ரொம்ப நாளாக இருந்தது. 2023இல் வந்த எமோஜி 15.1 பதிப்பில்தான் வலப்பக்கம் ஓடுகிற, நடக்கிற மனிதர்கள் வந்தார்கள். புதிதாக வரையப்பட்ட தனி எழுத்து அல்ல அது. பழைய மனிதனையும் அம்புக்குறியையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டுக்குறியால் சேர்த்திருக்கிறார்கள். 2022இல் வந்த கறுப்புப் பறவையும் இதே மாதிரிதான்.

```
🐦 + U+200D + ⬛ = 🐦‍⬛
```

புதிய போனில் இது காக்காய். சாஃப்ட்வேர் புதுப்பிக்காத போனில் ஒட்டு பிரிந்து, ஒரு பறவையும் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டமும் தெரியும். காக்காய் பக்கத்தில் என்ன பெட்டி என்று படிக்கிறவர் யோசிப்பார். ஓடுகிறவன் பிரிந்தாலோ 🏃➡️ என்று வரும். அப்போதும் பொருள் கெடாது. ஒட்டு எமோஜியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கவேண்டியது இதைத்தான்: உடைந்தால் என்ன மிஞ்சும்? வீட்டில் உள்ளதிலேயே பழைய போனுக்கு முதலில் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தக் கதைக்கு உங்கள் சாதாரண 🐦 போதும். வடையும் மரமும் நரியும் இருக்கும்போது அது காக்காய் இல்லாமல் கொக்கா?

அப்படியென்றால் உங்கள் நங்கையாவுக்கு ஏன் புரியவில்லை? காரணம் காக்காய் இல்லை, உருபு. "காக்காய் வடையைத் தூக்கியது" என்றாலும் "வடையைக் காக்காய் தூக்கியது" என்றாலும் நமக்குக் குழப்பமில்லை. வடையோடு ஒட்டியிருக்கும் அந்த "ஐ" பார்த்துக்கொள்கிறது. படத்துக்கு ஐயும் இல்லை, குவ்வும் இல்லை. 👵🍩🐦 என்றால் பாட்டி காக்காய்க்கு வடை போட்டாள் என்று படிக்கலாம், அமாவாசை என்று நினைத்துக்கொள்வார்கள். பாட்டியும் காக்காயும் வடைக்கு அடித்துக்கொண்டார்கள் என்றும் படிக்கலாம். நீங்கள் கதையில் வருகிற ஆட்களையும் பொருள்களையும் வந்த வரிசையில் அடுக்கினீர்கள். அது சாமான் பட்டியல். பாட்டியும் டோனட்டும் முதலில் நின்றால் பேக்கரி என்றுதான் தோன்றும்.

உருபின் வேலையை இடத்துக்குக் கொடுக்கவேண்டும். பொருள் யார் கையில் இருக்கிறதோ, அவரை அடுத்தே அது நிற்கவேண்டும். ஒரு காட்சிக்கு ஒரு வரி. அடுத்த காட்சிக்குக் கீழே இறங்கிவிடவேண்டும். ஒரே வரியில் எட்டுப் படத்தைக் கோத்தால் எங்கே வெட்டிப் படிப்பது என்று தெரியாது. இந்தக் கதையில் எல்லா வரியிலும் வரவேண்டியது வடை. அது கை மாறுவதுதான் கதை.

👵🍩🔥
🐦🍩  👵😡
🌳🐦🍩  🦊👀
🦊💬🎤❓  🐦🍩
🐦🎶  🍩⬇️
🦊🍩➡️  🐦😢

முகங்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கோபம் பாட்டியை ஒட்டி, அழுகை காக்காயை ஒட்டி. நடுவில் இரண்டு இடைவெளி விட்டிருப்பது "அப்போது அந்தப் பக்கம்" என்பதற்கு. நீங்கள் 🎤 மட்டும் போட்டதில் யார் பாடியது என்று தெரியவில்லை. கேட்டது நரி, பாடியது காக்காய் என்று இரண்டாக உடைத்தால்தான் ஏமாற்று விளங்கும். நரி பாட்டைப் புகழ்ந்தது பொய் என்பதை மட்டும் எவ்வளவு முயன்றாலும் இதில் கொண்டுவர முடியாது. படம் பொய் சொல்லாது, சொல்கிறவன் பொய்யன் என்றும் சொல்லாது.

இவ்வளவு செய்தாலும் கதை தெரிந்தவருக்கே இது கதை. தெரியாதவருக்கு ஒரு பறவையிடமிருந்து நரிக்கு ஏதோ பலகாரம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். அதனால் நங்கையாவிடம் சோதிக்காதீர்கள், இந்நேரம் அவருக்கு விடை தெரிந்திருக்கும். இந்தக் கதையைக் கேட்டே இராத யாராவது, மகளின் ஹாஸ்டலில் வடநாட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம், காட்டச் சொல்லுங்கள். முதல் நான்கு வரியை மட்டும் காட்டி, வடை இப்போது யாரிடம் என்று கேட்கட்டும். நரியிடம் என்று பதில் வந்தால் நான்காம் வரியில் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். 🐦🍩 இரண்டையும் அடுத்த வரிக்கு இறக்கிவிடுங்கள்.

மாமியாரிடம் அந்த மூன்று வரியையும் மறக்காமல் காட்டுங்கள்.