‘ஐ.டி. பேப்பர்’ என்றால் எந்தப் பேப்பர்?

கேள்வி: நான் காட்பாடியில் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் கணக்கு எழுதுகிறேன், வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்து தருகிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். ஜூன் பிறந்ததும் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில், ‘வணக்கம் அண்ணா, ஐ.டி. பேப்பர் எல்லாம் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், டைம் நெருங்குகிறது’ என்று எழுதுவேன். ‘சரி, அனுப்புகிறேன்’ என்று பதில் வரும், பேப்பர் வராது. ஜூலை கடைசி வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். கறாராக எழுதினால் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடுவார்களோ என்று தயக்கம். எப்படி எழுதுவது?
— ஒரு வாசகி, காட்பாடி

பதில்: ‘சரி, அனுப்புகிறேன்’ என்று சொல்பவர் பெரும்பாலும் அனுப்ப நினைத்துத்தான் சொல்கிறார். பீரோவைத் திறக்கிறார். சம்பளச் சீட்டு இருக்கிறது, எல்.ஐ.சி. ரசீது இருக்கிறது, நான்கு வங்கிகளின் பாஸ்புத்தகம் இருக்கிறது. இதில் எது ஐ.டி. பேப்பர்? போன் போட்டுக் கேட்கக் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவை மூடிவிடுகிறார். ஆகவே உங்கள் செய்தியில் கறார் கூட வேண்டியதில்லை, விவரம்தான் கூட வேண்டும். ‘அண்ணா’ அப்படியே இருக்கட்டும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போன ஆண்டுக் கோப்பை எடுங்கள். அவருடைய அனுமதியோடு, வருமான வரித் துறை இணையதளத்தில் அவர் கணக்கில் இருக்கும் 26ஏ.எஸ். படிவத்தையும், ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிடித்த வரி, வங்கிகள் தெரிவித்த வட்டி, விற்ற பங்குகள் என்று பாதி விவரம் அங்கேயே கிடைக்கும். அங்கே கிடைப்பதை வாடிக்கையாளரிடம் கேட்டு அலைய வைக்காதீர்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவரிடம் கேட்க வேண்டியது மூன்று நான்குதான் மிஞ்சும். அந்த மூன்று நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பும் பழக்கம் இங்கேயே நின்றுவிடும்.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செப்டம்பர் வரை வேலை பார்த்தார். அக்டோபரில் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்கு மாறினார். சத்துவாச்சாரியில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகள் விற்றது ஏ.ஐ.எஸ்.ஸில் தெரிகிறது, நஷ்டத்துக்குத்தான் விற்றேன் என்று போனில் சொன்னார். புதிய கம்பெனி கொடுத்த படிவம் 16 மட்டும் உங்களிடம் வந்துவிட்டது. இவருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> வணக்கம் அண்ணா.
>
> உங்கள் 2025-26 நிதியாண்டு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2026 ஜூலை 31, வெள்ளிக்கிழமை. இது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கானது.
>
> ராணிப்பேட்டை கம்பெனியின் படிவம் 16 கிடைத்தது, நன்றி. இன்னும் நான்கு வேண்டும்:
>
> 1. ஆம்பூர் கம்பெனியின் படிவம் 16. பகுதி ஏ, பகுதி பி இரண்டும் வேண்டும். சம்பளச் சீட்டு போதாது. அங்கே சம்பளப் பிரிவில் கேட்டால் மின்னஞ்சலில் அனுப்புவார்கள்.
>
> 2. வீட்டுக் கடன் வட்டிச் சான்றிதழ். மார்ச் 31 வரை முழு ஆண்டுக்கும் உரிய இறுதிச் சான்றிதழ். ஜனவரியில் கம்பெனிக்குக் கொடுத்த தற்காலிகச் சான்றிதழ் வேண்டாம்.
>
> 3. சத்துவாச்சாரி வீட்டுக்கு மாநகராட்சியில் சொத்து வரி கட்டிய ரசீது. மேலே சொன்ன ஓராண்டுக்குள் கட்டியது மட்டும். கூடவே மாத வாடகை எவ்வளவு, எத்தனை மாதம் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.
>
> 4. மியூச்சுவல் ஃபண்ட் விற்றதற்கான மூலதன ஆதாய அறிக்கை. ஃபண்ட் வாங்கித் தந்தவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.
>
> இவற்றை ஜூலை 15, புதன்கிழமைக்குள் அனுப்பினால் கணக்குப் போட்டு உங்களிடம் காட்டிவிட்டு, நிதானமாகத் தாக்கல் செய்ய நேரம் இருக்கும். ஏதாவது ஒன்று உங்களிடம் இல்லையென்றால் ‘எண் 3 இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள், போதும்.
>
> ஜூலை 31 தாண்டினால் உங்களுக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் வரும். ஃபண்டில் வந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

நீளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். நான்கு முறை போனில் பேசுவதைவிடக் குறைவுதான்.

முதலில் அந்த ஆண்டைக் கவனியுங்கள். ‘இந்த வருஷத்துப் பேப்பர்’ என்று கேட்டால் பலர் போன மாதம் கட்டிய பிரீமியம் ரசீதைக் கொண்டுவருவார்கள். அது அடுத்த கணக்குக்கு உரியது. போதாக்குறைக்கு, 2025-26 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. இரண்டையும் ஒரே செய்தியில் போட்டால் குழம்புவார்கள். மதிப்பீட்டு ஆண்டு உங்கள் மேசையோடு இருக்கட்டும். அவருக்கு ஏப்ரல் 1, மார்ச் 31 என்று தேதியாகவே சொல்லுங்கள்.

அடுத்தது, எது போதாது என்று சொல்லியிருப்பது. நீங்கள் கேட்டது ஒன்று, வருவது அதற்குப் பக்கத்து வீடு. படிவம் 16 கேட்டால் பகுதி பி மட்டும் வரும். அதில் சம்பள விவரம் இருக்கிறது. ஆனால் பிடித்த வரி காலாண்டுவாரியாக அரசுக்குக் கட்டப்பட்டது என்று காட்டுவது, ட்ரேசஸ் தளத்திலிருந்து இறக்கித் தரும் பகுதி ஏ. வட்டிச் சான்றிதழும் அப்படித்தான். தற்காலிகச் சான்றிதழில் இருப்பது ஆண்டு முடியும் முன்பே போட்ட உத்தேசக் கணக்கு; நடுவில் வட்டி விகிதம் மாறியிருந்தாலோ அவர் அசலில் கொஞ்சம் முன்கூட்டியே கட்டியிருந்தாலோ தொகை மாறிவிடும். சொத்து வரியையும், எந்த ஆண்டுக்கு உரியதாக இருந்தாலும், கட்டிய ஆண்டில்தான் வாடகையிலிருந்து கழிக்க முடியும். ஆகவே ரசீதில் உள்ள தேதிதான் உங்களுக்கு முக்கியம்.

முதல் எண்ணில் பழைய கம்பெனியின் படிவத்தை வைத்ததற்கும் காரணம் உண்டு. வேலை மாறியவர் பழைய சம்பளத்தைப் புதிய கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லையென்றால், இரண்டு கம்பெனிகளும் நிலைக்கழிவையும் வரியில்லாத அடுக்கையும் தனித்தனியாகக் கொடுத்துவிடும். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வரி பாக்கி நிற்கும். அதைக் கட்டினால்தான் தாக்கல் முழுமையாகும்; அவர் பணம் புரட்ட வேண்டும். ஜூலை 30 இரவு இதைச் சொன்னால் கோபம் உங்கள்மேல்தான் வரும். ஜூலை 15 என்று கேட்பது இதற்காகத்தான்.

தேதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில அலுவலகங்களில் கடைசி நாளே ஜூலை 15 என்று சொல்லிவைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு முறை பத்திரிகையில் ஜூலை 31 என்று பார்த்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் அவர் நம்பமாட்டார். சட்டத்தின் தேதி ஒன்று, உங்களுக்கு வேண்டிய தேதி ஒன்று. இரண்டையும் கிழமையோடு எழுதுங்கள்.

தாமதத்தின் விளைவும் அப்படியே. ‘நோட்டீஸ் வரும்’ என்று பொதுவாகப் பயமுறுத்தினால் யாரும் அசையமாட்டார்கள். அந்த ஆளுக்கு என்ன போகும் என்று சொல்லுங்கள். மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் தாமதக் கட்டணம் 5,000, அதற்குள் என்றால் 1,000. வரி பாக்கி உள்ளவருக்கு மாதம் 1 சதவீதம் வட்டியும் சேரும். பழைய வரி முறையில் கழிவுகளைக் கேட்கும் சம்பளக்காரருக்கு, தேதி தாண்டினால் அந்த முறையே கிடைக்காது. அவருக்கு அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் போதும்.

‘எண் 3 இல்லை’ என்று எழுதச் சொன்னதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பதில் வராதபோது அவரிடம் ரசீது இல்லையா, தேடவில்லையா, வரியே கட்டவில்லையா என்று உங்களுக்குத் தெரியாது, வீணாகக் காத்திருப்பீர்கள். இல்லை என்று வந்துவிட்டால் அதை விட்டுவிட்டு வேலையை முடிக்கலாம்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது நினைவூட்டு. முதல் செய்தியையே மறுபடி அனுப்பாதீர்கள். ‘அண்ணா, எண் 2, 4 கிடைத்தன. எண் 1-இல் பகுதி பி மட்டும் வந்திருக்கிறது. பகுதி ஏ வேண்டும். எண் 3 இன்னும் வரவில்லை. ஜூலை 15, புதன்’ என்ற அளவில் முடியுங்கள். பட்டியல் குறைவதைப் பார்த்தால் அவருக்கும் முடித்துவிடலாம் என்று தோன்றும். எண்கள் கடைசிவரை மாறக் கூடாது; எண் 3 எண் 1 ஆகிவிட்டால் போனில் பேசும்போது இரண்டு பேருக்கும் குழப்பம்.

‘போன முறை செப்டம்பர் வரை நீட்டித்தார்களே’ என்று ஒருவராவது கேட்பார். உண்மைதான், 2025-இல் ஜூலை 31 செப்டம்பர் 15 ஆகி, பிறகு இன்னும் ஒரு நாள் கூடியது. 2023-இலும் 2024-இலும் சம்பளக்காரர்களுக்கு ஒரு நாள்கூட நீட்டிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லாங் பஜார் கடைக்காரர்கள் உங்களிடம் வந்தால் இந்தத் தேதியை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடாதீர்கள். தொழில் வருமானத்துக்கும் தணிக்கைக்கு உட்பட்ட கணக்குக்கும் தேதி வேறு.

வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு ‘பாய், வணக்கம்’ என்று தொடங்கி அதே நான்கு எண்களையும் குரல் செய்தியாகச் சொல்லி அனுப்புங்கள். எழுத்துப் பிரதியை, அவர் சம்மதித்தால், கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்புங்கள். பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் மட்டும் எந்தச் செய்தியிலும் எழுத வேண்டாம்; பூட்டிய பி.டி.எஃப். வந்தால் போனில் கேட்டுத் திறந்துகொள்ளலாம்.