4, 5 அயர்னுக்குப் பதில் ஹைப்ரிட்: யாருக்கு லாபம்?

கேள்வி: "என் கோல்ஃப் பையில் 4 அயர்ன், 5 அயர்ன் சும்மாவே கிடக்கிறது. ஹைப்ரிட் வாங்கலாமா? யாருக்கு அது நிஜமாகவே உதவும்?"

வாங்குவதற்கு முன்னால் ரேஞ்சில் 6 அயர்னிலும் 5 அயர்னிலும் பத்துப் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். உருண்டு போவதை விட்டுவிடுங்கள்; பந்து காற்றில் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதுதான் கணக்கு. 5 அயர்ன் ஏழெட்டு யார்டாவது கூடுதலாகப் போகவில்லை என்றால் அது உங்கள் பையில் வெறும் பாரம்.

என் மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சென்னை நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானத்தில் காலை ஆட்டம். அவருக்கு 6 அயர்ன் 130 யார்டு, 5 அயர்ன் 134, 4 அயர்ன் 131. மூன்று கிளப், ஒரே வேலை! லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு, குறையக் குறைய, பந்தை மேலே தூக்க ஸ்விங் வேகம் அதிகம் வேண்டும். அந்த வேகம் இல்லாவிட்டால் பந்து தாழ்வாகப் போய்ச் சீக்கிரமே விழுந்துவிடும். ஹைப்ரிடில் எடை தலையின் அடியிலும் பின்பக்கத்திலும் இருப்பதால், அதே லாஃப்டிலேயே பந்து உயரமாக எழும்புகிறது. மாமா 25 டிகிரியும் 22 டிகிரியுமாக இரண்டு வாங்கினார். இப்போது 141, 150. "டேய், கிரீன்ல நிக்குதுடா!" என்றார். தூரத்தைவிட அவருக்கு அதுதான் பெரிய விஷயம். உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் பந்துதான், மே மாதத்தில் தரை இறுகிக் கிடக்கும்போது ஓடிப்போகாமல் நிற்கும்.

கடையில் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். இப்போதைய அயர்ன்களில் லாஃப்டைக் குறைத்துவிட்டார்கள். சில செட்டுகளில் 5 அயர்னே 22 டிகிரிதான். அதற்குப் பதிலாக 25 டிகிரி '5 ஹைப்ரிட்' வாங்கினால் 6 அயர்னின் தூரத்தோடு மோதலாம். அடித்துப் பார்த்து, தூரத்தில் இடைவெளி விழும் இடத்துக்கு வாங்குங்கள்.

மாமாவைப் போல மெதுவாக ஸ்விங் செய்யும் மூத்தவர்கள், பெண்கள், ஹேண்டிகேப் அதிகமுள்ளவர்கள், இவர்களுக்குத்தான் முழு லாபம். மழைக்காலத்தில் ரஃப் அடர்ந்துவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்: அயர்னின் மெல்லிய முகத்தைப் புல் பிடித்துத் திருப்பிவிடும், ஹைப்ரிடின் அகன்ற அடிப்பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடும். 2009 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசி ஹோலில் ஒய்.இ. யாங் டைகர் உட்ஸை மடக்கிய அந்த ஷாட்டும் ஹைப்ரிடில் அடித்ததுதான். ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேகமாக ஸ்விங் செய்து, ஏற்கெனவே பந்து இடப்பக்கம் வளைகிறவர்களுக்கு (வலக்கை ஆட்டக்காரர்களைச் சொல்கிறேன்) ஹைப்ரிட் அந்த ஹுக்கைக் கூட்டிவிடலாம். கடற்காற்றை எதிர்த்துத் தாழ்வாக அடிக்க வேண்டிய மதிய ஆட்டத்திலும் அவர்களுக்கு லாங் அயர்னே மேல்.

அப்புறம், பார்க்க ஃபேர்வே உட் மாதிரி இருக்கிறதே என்று பந்தைப் பெருக்கித் தூக்கப் பார்க்காதீர்கள். இரு கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் இலக்குப் பக்கமாகத் தள்ளிப் பந்தை வைத்து, அயர்னைப் போலவே கொஞ்சம் கீழ்நோக்கி அடியுங்கள். பந்தின் தலையில் அடி பட்டு அது தரையோடு ஓடினால், நீங்கள் தூக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.