ட்ரையல் ஷிஃப்டில் டிஷ்ஷுக்கு முன்னால் எதைப் பார்ப்பார்கள்?

"கேட்டரிங் முடிச்சிருக்கேன். சென்னையில ஒரு ஸ்டார் ஹோட்டல்ல கமி, அதாவது ஜூனியர் குக் வேலைக்கு இன்டர்வியூ, மறுநாள் கிச்சன்ல ட்ரையல். என்ன டிஷ் பண்ணச் சொல்வாங்க? கெஸ்ட் சர்வீஸ் பத்தியும் கேப்பாங்களாமே?"

டிஷ்ஷை நினைத்துக் கவலைப்படாதீர்கள். 11 வருடமாக இந்தியன் கிச்சனில் இருக்கிறேன். ட்ரையலுக்கு வருபவர்களைப் பக்கத்தில் நிறுத்தி வேலை வாங்குவது இப்போது என் பொறுப்பு. ஆளை எடுக்கலாமா வேண்டாமா என்பது பல நேரம் அவர் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

முதலில் கையில் கொடுப்பது பெரும்பாலும் வெங்காயம்தான். என்னுடைய முதல் ட்ரையலில் வேகத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்து 5 கிலோவை மடமடவென நறுக்கித் தள்ளினேன். செஃப் ஒன்றும் சொல்லாமல் அதில் ஒரு பிடி எடுத்துச் சூடான எண்ணெயில் போட்டார். சின்னத் துண்டுகள் கருகிக்கொண்டிருக்க, பெரியவை வெள்ளையாகவே கிடந்தன. "இதுல மசாலா பண்ணினா கசப்பும் வரும், பச்சை வாடையும் வரும்" என்றார். அந்த வேலை கிடைக்கவில்லை. அதனால் சொல்கிறேன், மெதுவாக ஆரம்பித்தாலும் துண்டுகள் ஒரே அளவில் இருக்கட்டும். வேகம் மூன்று மாதத்தில் தானாக வந்துவிடும்.

நறுக்கும்போதே இன்னும் சிலதைக் கவனிப்போம். பலகை நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி போட்டீர்களா? கோழி வெட்டிய சிவப்புப் பலகையை விட்டு, சோப்பு போட்டுக் கை கழுவி, கத்தியையும் மாற்றிவிட்டுப் பச்சைப் பலகையில் கொத்தமல்லி நறுக்கினீர்களா? ருசி பார்த்த ஸ்பூன் மறுபடி பாத்திரத்துக்குள் போகிறதா? கத்தியோடு நடக்கும்போது "பின்னால வரேன்" என்று குரல் கொடுக்கிறீர்களா? இவற்றை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

மதியம் ரஷ் நேரத்தில்தான் குணம் தெரியும். சமீபத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் தால் அடிப்பிடித்தது. ஒருவர் நல்ல வேகக்காரர். யாருக்கும் சொல்லாமல் அடி வரை சுரண்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். தால் முழுக்கத் தீய்ந்த வாடை ஏறிவிட்டது. இன்னொரு பையன் உடனே அடுப்பை அணைத்துவிட்டு, "செஃப், அடிப்பிடிச்சிருச்சு" என்றான். மேலே இருந்ததை மட்டும், அடியைத் தொடாமல் வேறு பாத்திரத்தில் எடுத்து, ருசி பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். லேசாகப் புகை வாடை இருந்ததால் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தோம். நாங்கள் எடுத்தது அந்தப் பையனைத்தான். மறைக்கிற ஆளை நம்பி 200 பேருக்கு எப்படிச் சமைப்பது?

டிஷ் கடைசியில்தான் வரும். பெரும்பாலும் ஆம்லெட், தால், சாதாரணக் குழம்பு மாதிரி ஏதாவது ஒன்றுதான். உப்பு சரியா, சூடாக வருகிறதா, முடித்ததும் மேடையைத் துடைத்தீர்களா, அவ்வளவுதான் பார்ப்போம்.

கெஸ்ட் பற்றிய கேள்வி கமிக்கும் வரும். நான் கேட்பது இது: "முந்திரி இல்லாம பனீர் பட்டர் மசாலா வேணும்னு கெஸ்ட் சொல்றார்னு பரிமாறுற ஸ்டூவர்ட் வந்து நிக்கிறார். என்ன பண்ணுவ?" முக்கால்வாசிப் பேர், "மேல முந்திரி போடாம குடுப்பேன் செஃப்" என்கிறார்கள். அது ஆபத்தான பதில். எங்கள் கிரேவியில் காலையிலேயே முந்திரி விழுது அரைத்துச் சேர்த்தாகிவிட்டது, மேலே தூவுவதை நிறுத்தி என்ன பயன்?

முதலில் ஸ்டூவர்டிடம், "அலர்ஜியா, இல்ல பிடிக்கலையான்னு கேட்டுட்டு வாங்கண்ணே" என்று சொல்ல வேண்டும். அலர்ஜி என்றால் இந்த கிரேவி தர முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டு, முந்திரி படாத ஒன்றைச் சொல்லலாம். எங்கள் கிச்சனில் அது தால் தட்கா. அதையும் கழுவிய கடாயில், தனிக் கரண்டியில் செய்ய வேண்டும். கிச்சனுக்கு வரும் ஆர்டர் சீட்டான கே.ஓ.டி.யில் 'முந்திரி அலர்ஜி' என்று பெரிதாக எழுதி, செஃப் அதைத் திரும்பச் சொல்லும்வரை நகரக் கூடாது. தெரியாமல் தட்டு டேபிளுக்குப் போய்விட்டதென்றால், முந்திரியைப் பொறுக்கி எடுத்துத் தரவே கூடாது. தட்டை எடுத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட வேண்டும். சாப்பிட்ட கெஸ்டுக்கு மூச்சுத் திணறினால் உடனே 108.

இன்டர்வியூவில் மனப்பாடமாக "கெஸ்ட்தான் கடவுள்" என்று ஆரம்பிக்காதீர்கள். யாரிடம் கேட்பீர்கள், யாருக்குச் சொல்வீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

மூடிய ஷூ, வெட்டிய நகம், ஒரு சின்ன நோட்டு, பேனாவோடு போங்கள். ட்ரையல் எத்தனை மணி நேரம் என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு ஷிஃப்ட் போதும், ஆளைத் தெரிந்துகொள்ள அதற்கு மேல் தேவையில்லை. வாரக்கணக்கில் வரச் சொன்னால், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று எச்.ஆரிடம் தயங்காமல் கேளுங்கள்.