நாற்பதாவது திருமண நாளில் பிள்ளைகள் என்ன பேசலாம்? கேள்வி பதில்

கோவை, திருப்பூர் பக்கம் குடும்ப விழாக்களை மேடையில் தொகுத்து வழங்குவது என் வேலை. பெற்றோரின் திருமண நாளில் பேச வேண்டிய மகன்களும் மகள்களும் விழாவுக்கு முன்பே என்னிடம் பேச்சை எழுதிக் கொண்டுவருவார்கள். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மூத்த மகள், திருப்பூர்): அப்பா அம்மா கல்யாணம் 1985 ஆவணியில் நடந்தது. நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "அப்பா கடுமையாக உழைத்தார். அம்மா எங்களுக்காகத் தூக்கத்தைத் தியாகம் செய்தார். எங்களைப் படிக்க வைத்து ஆளாக்கினார்கள். அவர்கள் இல்லாமல் நாங்கள் இல்லை." இதை யார் வீட்டு விழாவிலும் படிக்கலாம் போல இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதிய நாலு வரியும் உண்மைதான். ஆனால் நாலும் உங்களைப் பற்றியவை. உங்களுக்காக உழைத்தார், உங்களுக்காக விழித்தார், உங்களைப் படிக்க வைத்தார். அன்று கொண்டாடுவது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் நாற்பது வருடத்தை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பா அம்மாவுக்கு என்ன செய்தார், அம்மா அப்பாவை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று ஒரே ஒரு சம்பவம் கிடைத்தால் போதும், பேச்சு தானாக உங்கள் வீட்டுப் பேச்சாகிவிடும்.

அந்தச் சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் பிறப்பதற்கு முன்போ, தூங்கிய பிறகோ நடந்திருக்கும். சித்தியைக் கேளுங்கள், அத்தையைக் கேளுங்கள், அப்பாவோடு வேலை பார்த்தவரைக் கேளுங்கள். அம்மாவிடம் "அப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அதற்குப் பதில் பத்திரிகை, ஆல்பம், மொய் நோட்டு மூன்றையும் வெளியே எடுத்து, எதிரில் உட்கார்ந்து, சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதல் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் எவ்வளவு? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தலை தீபாவளிக்கு அப்பா என்ன எடுத்துக் கொடுத்தார்? சண்டை வந்தால் முதலில் பேசுவது யார்? இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் பேச, மற்றவர் திருத்துவார். கதை நகராது.

கேள்வி (அதே மகள், சில நாள் கழித்து): சித்தி ஒன்று சொன்னார். அப்பா நூற்பாலையில் அரை நைட் ஷிப்ட் பார்த்தபோது பன்னிரண்டரைக்குத்தான் வீட்டுக்கு வருவாராம். அம்மா தூக்கம் கெடக்கூடாது என்று சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்து வைப்பாராம். அம்மா அதற்கு முன்பே எழுந்திருப்பாராம். இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிகிறது. மேடையில் எடுபடுமா?

பதில்: எடுபடும். இதை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள். நான் எழுதினால் இப்படி வரும்:

"அப்பாவுக்கு அப்போ அரை நைட் ஷிப்ட். வீடு வந்து சேர ராத்திரி பன்னிரண்டரை ஆகும். சைக்கிள் ஸ்டாண்டு போடுற சத்தத்தில் அம்மா எழுந்துடுவாங்கன்னு சுவரில் சாய்ச்சு வைப்பாரு. அம்மா பன்னிரண்டு மணிக்கே எழுந்து, குழந்தைங்க முழிச்சுக்காம இருக்க லைட்டைப் போடாம, தோசைக்கல்லை அடுப்பில் வச்சிருப்பாங்க. அவர் இவங்களை எழுப்பக் கூடாதுன்னு நினைச்சாரு. இவங்க அவரை ஆறிப்போன சோத்தைச் சாப்பிட விடக் கூடாதுன்னு நினைச்சாங்க. ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கிட்டது இல்லை. எனக்கே சித்தி சொல்லித்தான் தெரியும்."

இதோடு நிறுத்திவிட்டு ஒரு மூச்சு விடுங்கள். "இதுதான் உண்மையான அன்பு" என்று விளக்கம் சொல்ல வேண்டாம். கேட்பவர்களுக்கு அதற்குள் புரிந்திருக்கும், விளக்கினால் அந்த நிமிடம் கலைந்துவிடும். அப்புறம் இன்றைக்கு நடக்கும் ஒரு விஷயத்தைச் சேருங்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்பா மதியம் தூங்கும்போது அம்மா காலிங் பெல்லை அணைத்து வைப்பாரா, அப்பா மாத்திரையை எடுத்து வைப்பாரா, ஏதோ ஒன்று இருக்கும். உங்கள் கண்ணில் பட்டது எதுவோ அதைச் சொல்லுங்கள். பழையது ஒன்று, இப்போதையது ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நடுவில் உள்ள வருடங்களைச் சபையே நிரப்பிக்கொள்ளும்.

முடிக்கும்போது வாழ்த்து வாசகம் தேட வேண்டாம். "அப்பா, அம்மா, எங்களை ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு எல்லாப் பிள்ளைகளும் காலில் விழுந்தால் போதும். சம்பவத்தைச் சபையில் சொல்லப் போவதாக அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சித்தி சொன்னது சரியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி (மகன், சேலம்): பேச்சு என்றால் முதலில் சபையோருக்கு முறையாக வணக்கம் சொல்லி, தாய்மாமன், சம்பந்தி, பெரியப்பா என்று வரிசையாகப் பெயர் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும். நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லையே?

பதில்: மனத்தாங்கல் வரும் என்பது முழுக்கச் சரி. யார் பெயர் விட்டுப்போனது என்பது பத்து வருடம் கழித்தும் பேசப்படும். ஆனால் அந்த வரிசையை உங்கள் பேச்சுக்குள் வைத்தால் பேச்சு தொடங்குவதற்குள் கூட்டம் பந்திப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடும். வரவேற்பைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், தம்பி. வீட்டு மருமகனோ மருமகளோ முதலில் மேடையேறி, பெரியவர்கள் பெயரைத் தாளில் எழுதிவைத்து வாசித்து வரவேற்கட்டும். மருமகளுக்கும் அது மரியாதையான இடம். நீங்கள் பேசும்போது "எல்லாருக்கும் வணக்கம்" என்ற ஒரு வரியோடு நேராக விஷயத்துக்குப் போகலாம்.

கேள்வி (மகன், ஈரோடு): எங்கள் அப்பாவுக்கும் இது நாற்பதாவது கல்யாண நாள். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகலாமா, மண்டபத்திலேயே ஹோமம் வைக்கலாமா?

பதில்: அது வேறு. அறுபதாம் கல்யாணம் திருமண வருடத்தைப் பார்த்து வருவதில்லை; அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்து, அவர் பிறந்த தமிழ் வருடம் திரும்ப வரும்போது, அவருடைய ஜென்ம நட்சத்திரத்தில் செய்வது. நாற்பதாவது திருமண நாளுக்கு அப்படி வகுத்த சடங்கு கிடையாது. மாலை மாற்றுவது, கோயிலில் அர்ச்சனை என்று அவரவர் விருப்பம்தான். அப்பாவின் வயதைப் பார்த்துவிட்டுக் குடும்பப் புரோகிதரைக் கேளுங்கள். இங்கே பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேள்வி (மூன்று பிள்ளைகளில் நடுவில் உள்ளவர், பொள்ளாச்சி): அண்ணன் பேசணும் என்கிறார், தங்கை சிங்கப்பூரிலிருந்து வீடியோ அனுப்புகிறாள், நானும் பேச ஆசைப்படுகிறேன். மூன்று பேரும் பேசலாமா?

பதில்: மூன்று பேரும் பேசலாம், மூன்று பேச்சு வேண்டாம். ஒரே பேச்சைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு அடுத்த சில வருடங்களை அண்ணன் சொல்லட்டும், வீட்டில் பிள்ளைகளாக இருந்து பார்த்ததை நீங்கள், இப்போது தூரத்திலிருந்து போனில் கேட்பதைத் தங்கை. இல்லாவிட்டால் மூவரும் "அம்மா கையால் சாப்பாடு" என்றுதான் தொடங்குவீர்கள். மொத்தம் ஏழு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எழுத்தில் 400 சொல் இருந்தால் நிதானமாகப் பேச நாலைந்து நிமிடம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் வீடியோ ஒன்றரை நிமிடம் போதும். நேரலை அழைப்பு வேண்டாம். மண்டபத்தில் நெட் எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. பதிவு செய்து, காலையிலேயே மண்டபத்து ஒலிப்பெட்டியில் போட்டுக் கேட்டுவிடுங்கள். படம் திரையில் ஓடும், குரல் மட்டும் லேப்டாப்பிலேயே முனகும். இது அடிக்கடி நடக்கிறது.

நேரமும் முக்கியம். மாலை மாற்றி முடித்ததும், பரிசு கொடுக்க மேடையில் வரிசை சேர்வதற்கு முன், முதல் பந்திக்குக் கூப்பிடுவதற்கு முன். அந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். சமையல்காரரிடமும் மேளக்காரரிடமும் முந்தின நாளே சொல்லிவையுங்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒலிப்பெட்டிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், கீச்சென்று கத்தும்.

கேள்வி (பெயர் வேண்டாம், மகள்): எங்கள் அப்பா பல வருடம் குடித்தார். அம்மா நிறையப் பட்டார். பத்து வருடமாக அவர் தொடுவதில்லை, இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள். "எடுத்துக்காட்டான தம்பதி" என்று என் வாயால் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் அப்பா சபையில் தலை குனிவார்.

பதில்: சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டாம் அம்மா. எடுத்துக்காட்டு, இணைபிரியாத ஜோடி என்ற வார்த்தைகளை அப்படியே விட்டுவிடுங்கள். நடந்ததை அறிந்த உறவினர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். உங்கள் அம்மாவும் இருப்பார். பொய்யான வரி முதலில் அவரைத்தான் குத்தும். குடியின் பெயரையும் மேடையில் எடுக்க வேண்டாம். அது அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தமான விஷயம், சொல்வதானால் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மீதி இருப்பது இந்தப் பத்து வருடம். அதிலிருந்து நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை எடுங்கள். அப்பா இப்போது அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாரா? சாயந்திரம் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்களா? "அம்மா இந்த வீட்டைத் தாங்கினாங்க" என்ற ஒரு வரியை அதோடு சேருங்கள். தெரிந்தவர்களுக்கு முழுசாகப் புரியும், தெரியாதவர்களுக்கு அது நல்ல வரியாகக் கேட்கும். எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் "வேண்டாம்" என்றால் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (மேலே பேர் சொல்லாத அதே மகள்): அம்மாவிடம் படித்தேன். "அப்பா திருந்தினதைச் சொல்லு, அதில் என்ன வெட்கம்" என்கிறார். அண்ணன் கூடவே கூடாது என்கிறார்.

பதில்: இதில் நான் சொல்லக்கூடியது பாதிதான். அம்மா பட்டவர், அவர் சம்மதம் பெரியது. ஆனால் மேடையில் உட்காரப் போவது அப்பாவும்தான். அண்ணனை விடுங்கள், அப்பாவிடம் நேராகக் கேளுங்கள். அவர் சரி என்றால் ஒரே வரி. மௌனமாக இருந்தால் அதை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு, அந்த வரியை அன்று ராத்திரி வீட்டில், நீங்கள் நாலு பேர் மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள்.

கேள்வி (மகன், மதுரை): பாதியில் அழுகை வந்துவிட்டால்?

பதில்: வரும். தாளில் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும், பத்திக்குப் பத்தி இடம் விட்டு எழுதுங்கள். கண் கலங்கினாலும் விட்ட இடம் தெரியும். இன்னொரு பிரதியைப் பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் கொடுத்துவையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அவர் மைக்கை வாங்கி அடுத்த வரியிலிருந்து படிக்கட்டும்.