ஏடிஎம்மில் வராத பணம்: ஆம்பட்ஸ்மேனுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: ஊர் கொழிஞ்சாம்பாறை, கணக்கு பொள்ளாச்சிக் கிளையில். ஜூன் 3 அன்று இங்கே வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 8,000 ரூபாய் கேட்டேன். நோட்டு வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. மறுநாளே என் வங்கியில் புகார் பதிந்தேன். ஏழு வேலை நாளில் முடியும் என்றார்கள். இன்று ஜூலை 14, பதிலே இல்லை. அவர்களுக்குப் போட்ட நினைவூட்டல் மெயிலில், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கும் ஒரு நகல் வைத்தேன், அங்கிருந்தும் சத்தமில்லை. நான் கேரளாவுக்கு எழுத வேண்டுமா, தமிழ்நாட்டுக்கா?

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். 2021-இல் வந்த ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேன் திட்டத்தில் மாநில எல்லை கிடையாது. cms.rbi.org.in தளத்தில் பதியலாம். தபால் என்றால், மத்தியப் புகார் பெறும் மையம், இந்திய ரிசர்வ் வங்கி, 4-ஆவது மாடி, செக்டர் 17, சண்டிகர் 160017. கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதலாம்.

நகல் அனுப்பியது எடுபடாது. வங்கிக்கு எழுதியதை ஆம்பட்ஸ்மேனுக்கும் காட்டினால் அது அவருக்கான புகார் ஆகாது, நேராக அவர் பெயருக்கே எழுத வேண்டும். வக்கீல் மூலமாகவும் வேண்டாம். வங்கி சொன்ன ஏழு நாள் கடந்ததும் ஆம்பட்ஸ்மேனிடம் போவதும் பலர் செய்யும் தவறு. பதில் இல்லையென்றால் வங்கிக்கு 30 நாள் விட வேண்டும். உங்களுக்கு அது ஜூலை 4-லேயே முடிந்துவிட்டது, அதனால் தாராளமாகப் போகலாம். ஏடிஎம் யாருடையதானாலும் புகார் உங்கள் வங்கியின் மேல்தான்.

இனி பணக் கணக்கு. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, நோட்டு வராமல் கழிந்த தொகை ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதையும் கேட்காமலே தர வேண்டும். கேட்காமலே தந்த வங்கியை நான் அதிகம் பார்த்ததில்லை! உங்கள் கெடு ஜூன் 8. ஜூன் 9 முதல் இன்று வரை 36 நாள், 3,600 ரூபாய்.

கடிதத்தில் கோபத்தைக் குறைத்து இப்படி எழுதுங்கள்:

“3.6 அன்று ஏடிஎம்மில் 8,000 ரூபாய் கேட்டேன், பணம் வரவில்லை, கணக்கில் கழிந்தது. 4.6 அன்று வங்கியில் புகார் செய்தேன் (எண் …). 30 நாள் கடந்தும் பதில் இல்லை. 8,000 ரூபாயும், 9.6 முதல் பணம் வரவாகும் நாள்வரை நாளுக்கு 100 ரூபாயும் தர உத்தரவிட வேண்டுகிறேன். அந்த ஏடிஎம்மின் ஜர்னல் பதிவு, அன்றைய பண இருப்புக் கணக்கு, கேமராப் பதிவு ஆகியவற்றை வங்கியிடம் கேட்டுப் பெற வேண்டுகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘பரிவர்த்தனை வெற்றி’ என்று வங்கி ஒரே சொல்லில் முடிக்கப் பார்க்கும். பெட்டியில் அன்று கணக்கைவிட 8,000 ரூபாய் மிஞ்சியிருந்தால் அந்த இருப்புக் கணக்கே உங்கள் சாட்சி. மிஞ்சவில்லை என்றால் இழப்பீடும் கிடைக்காது. குறுஞ்செய்தி, பாஸ்புக் பக்கம், புகார் ரசீது மூன்றின் நகலையும் இணையுங்கள். கேமராப் பதிவை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.