ஆபீசுக்குத் தெரியக்கூடாது என்கிறார்: காரணமா, சாக்கா?

கேள்வி: வணக்கம் மேடம். டர்பனில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் சூப்பர்வைசரும் நானும் மூன்று வருடமாகப் பழகுகிறோம். ஒன்றரை வருடமாக சாட்ஸ்வர்த்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் லீவுக்கும் ஓவர்டைமுக்கும் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். "ஆபீசில் தெரிந்தால் இரண்டு பேரையும் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்" என்று யாரிடமும் சொல்லவிடமாட்டேன் என்கிறார். முதலில் ஆடிட் முடியட்டும் என்றார். இப்போது மேனேஜர் பதவி கிடைக்கட்டும் என்கிறார். சட்டப்படி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?
— ஒரு வாசகி

பதில்: வணக்கம் சகோதரி. ஒரே இடத்தில் வேலை பார்க்கும் இருவர் காதலிக்கக்கூடாது, சேர்ந்து வாழக்கூடாது என்று தென்னாப்பிரிக்காவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதனால் "தெரிந்தாலே வேலை போய்விடும்" என்பதைச் சட்டம் என்று நம்ப வேண்டாம். ஆனால் கம்பெனி தனக்கென்று விதி வைத்துக்கொள்ளலாம். சொந்த நலனும் வேலைப் பொறுப்பும் மோதாமல் இருக்க வைப்பதுதான் நலன் முரண் விதி. பெரும்பாலான கம்பெனிகளின் அந்த விதியில், ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாக இருந்தால் உறவை எச்.ஆரிடம் தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருக்கும். உறவே கூடாது என்று எழுதுவது அபூர்வம்.

எனவே முதல் வேலை, அந்த விதியை நீங்களே படிப்பது. எச்.ஆரிடம் நடத்தை விதிகளும் நலன் முரண் விதியும் வேண்டும் என்று கேளுங்கள், ஏன் என்று விளக்கத் தேவையில்லை. "எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது?" என்று அவரிடமும் கேட்டுப் பாருங்கள். உண்மையான காரணம் உள்ளவர் பக்கத்தைக் காட்டுவார். அதோடு, வருடா வருடம் கையெழுத்திடும் நலன் அறிவிப்புப் படிவம் உங்கள் கம்பெனியில் உண்டா என்று பாருங்கள். உறவு தொடங்கிய பிறகு அதில் "அறிவிக்க ஒன்றுமில்லை" என்று நீங்கள் எழுதியிருந்தால், பிரச்சினையில் உங்கள் பங்கும் இருக்கிறது. அப்படியானால், வேறு எதுவும் செய்வதற்கு முன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் அந்தப் படிவத்தைக் காட்டிவிடுங்கள்.

இப்போது அவர் சொல்லும் காரணத்துக்கு வருவோம். அவர் வேறு பிரிவில் இருந்து, உங்கள் சம்பளத்திலோ லீவிலோ அவருக்குக் கை இல்லாதிருந்தால், விதியில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, "இது நம் சொந்த விஷயம், ஆபீசில் பேச வேண்டாம்" என்பதை நானே ஏற்பேன். அந்தரங்க உரிமையை அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு காக்கிறது. வேலையிடத்தில் வம்பு வேண்டாம் என்று நினைப்பதில் தவறில்லை. உங்கள் நிலைமையில் அப்படி விட முடியாததற்குக் காரணம் அந்த ஓவர்டைம் கையெழுத்துதான்.

ஒரு சனிக்கிழமை ஓவர்டைமுக்கு ஆள் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கேட்கிறார்கள், உங்களுக்குக் கொடுக்கிறார். நீங்கள்தான் அந்த வேலைக்குத் தகுதியானவர் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு மற்ற மூவரில் ஒருவர் புகார் கொடுத்தால், அந்த ஓவர்டைம் படிவம் உங்கள் சூப்பர்வைசருக்கு எதிரான சாட்சியாகிவிடும். உறவு முன்பே எச்.ஆருக்குத் தெரிந்து, உங்கள் படிவங்கள் வேறு மேலதிகாரிக்குப் போயிருந்தால் புகாருக்கே இடமில்லை. மறைத்ததால்தான் சாதாரணக் கையெழுத்து "நேர்மையின்மை" என்ற குற்றச்சாட்டாக மாறுகிறது. தொழிலாளர் வழக்குகளில் நேர்மையின்மை மிகக் கடுமையாகப் பார்க்கப்படும் குற்றம். பல வருடச் சர்வீஸ்கூட அதில் காப்பாற்றாமல் போகலாம்.

ஆகவே "பதவி கிடைக்கட்டும்" என்பது கணக்காகவே தப்பு. இன்று சொன்னால் அவருக்கு ஒரு சங்கடமான பேச்சு, உங்களுக்கு ரிப்போர்ட்டிங் மாற்றம். மேனேஜரான பிறகு வெளியே வந்தால், பதவிக்காக மறைத்தார் என்ற பழியும் சேரும். அவர் இதை யோசிக்காமல் இருக்கலாம், அது வேறு. ஆனால் ஆடிட் முடிந்தும் பேச்சு வரவில்லை, பதவி என்ற புது நிபந்தனை வந்தது என்கிறீர்கள். நியாயமான காரணத்துக்கு முடிவுத் தேதி இருக்கும், தேதி வந்ததும் அது தானாக விலகும். முடியும்போதெல்லாம் அதன் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தால், அதை நான் சாக்கு என்றுதான் சொல்வேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆபீசுக்கே சம்பந்தமில்லாத காகிதங்களில் உங்கள் பெயர் இருக்கிறதா? வீட்டு வாடகை ஒப்பந்தம், அவருடைய உயில், ஓய்வூதிய நிதியின் பயனாளர் படிவம் ஆகியவற்றைக் கேளுங்கள். தாலி கட்டாமல், பதிவு செய்யாமல், எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் இந்நாட்டுச் சட்டத்தில் அது தானாகத் திருமணம் ஆகிவிடாது. 2021 இறுதியில் அரசியலமைப்பு நீதிமன்றம் புவான்யா வழக்கில், உயில் இல்லாமல் இறந்தவரின் நிரந்தர வாழ்க்கைத் துணைக்கும் வாரிசுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒருவரை ஒருவர் ஆதரிக்கும் பொறுப்பை ஏற்று வாழ்ந்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஓய்வூதியப் பணத்திலும் அப்படித்தான். ஓய்வூதிய நிதிச் சட்டத்தின் 37சி பிரிவின்படி, சார்ந்து வாழ்ந்தவர்கள் யார் என்று தேடிப் பணத்தைப் பங்கிடுவது நிதியின் அறங்காவலர்கள். யாருக்கும் தெரியாத துணையை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? ஆபீசுக்குப் பயந்து மறைப்பவர் வக்கீலிடம் உயில் எழுதத் தயங்கக் காரணமில்லை. உயிலுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும்கூட "அப்புறம் பார்க்கலாம்" என்றால், தடை ஆபீஸ் இல்லை என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். இருவரும் சேர்ந்து எச்.ஆருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள்: நாங்கள் இருவரும் உறவில் இருக்கிறோம், என் லீவு, ஓவர்டைம், மதிப்பீடு ஆகியவற்றில் இவர் கையெழுத்திடுகிறார், இவற்றை வேறு மேலதிகாரிக்கு மாற்றுங்கள், இதை ரகசியமாக வைத்திருங்கள். காதல் கதை எதுவும் வேண்டாம். போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கம்பெனியையும் கட்டுப்படுத்துகிறது, எச்.ஆருக்குத் தெரிவதால் கேன்டீனுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

அவர் மறுத்தால், நீங்கள் தனியாகத் தெரிவிக்கப் போகும் தேதியை அவரிடம் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று வருடம் கூட இருந்தவருக்கு அந்த மரியாதை உண்டு. அதற்குப் பதிலாக "உன் ஓவர்டைமை நிறுத்திவிடுவேன்" என்பது போன்ற மிரட்டல் வந்தால், அது உறவுச் சண்டை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வேலையிடத் துன்புறுத்தல் நன்னடைமுறை விதிப்படி, முன்பு சம்மதித்திருந்தது பின்னால் வரும் துன்புறுத்தலை நியாயமாக்காது. மெசேஜை அழிக்காமல் வைத்து, உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரை அறிந்தும் கம்பெனி நடவடிக்கை எடுக்காவிட்டால், வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவின் கீழ் அதற்கும் பொறுப்பு வரும்.

உண்மையைச் சொன்னதற்காக உங்களையே வேலையை விட்டு நீக்கினால், 30 நாட்களுக்குள் சி.சி.எம்.ஏ. என்ற தொழில் தகராறு தீர்க்கும் ஆணையத்தில் புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும். திருமண நிலை போன்ற பாகுபாட்டுக் காரணம் நிரூபணமானால், 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு வழங்கச் சட்டத்தில் இடம் உண்டு. நாள் தவறினால் தாமதத்துக்கு விளக்கம் சொல்லி அனுமதி கேட்கும் தனிப் போராட்டம் ஆகிவிடும். அதனால் நீக்கக் கடிதம் கைக்கு வந்த தேதியை அன்றே குறித்து வையுங்கள்.