எஸ்எஃப் 12-ஐ விட்டுவிட்டுக் கம்பை உயர்த்துங்கள்

கேள்வி: காரைக்குடி பக்கம் கடலைக் கொல்லையில் லோரா வச்சு மண் ஈரம் அளக்கப் போறேன். கேட்வே வீட்டு மாடியில, தூரம் 2 கிலோமீட்டருக்கு மேல. ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் எத்தனை வைக்கணும்? 1 சதவீத டியூட்டி சைக்கிள் நமக்கும் உண்டா?

மொத்த நேரத்தில் 1 சதவீதம்தான் அனுப்பலாம் என்பது ஐரோப்பாவின் 868 மெகாஹெர்ட்ஸுக்கான விதி. நம் நாட்டில் 865–867 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-இல் திறந்துவிட்டார்கள். அதில் அனுப்பும் திறனுக்கும் அலைவரிசை அகலத்துக்கும்தான் வரம்பு. எத்தனை நேரம் பேசலாம் என்று வரம்பு கிடையாது. கொல்லையில் வைக்கும் உங்கள் நோடு ஒரு செய்தி அனுப்பிவிட்டு அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருந்தால், அல்லது லாக்கில் `868.1` என்று தெரிந்தால், ஐரோப்பிய அமைப்பே ஓடுகிறது என்று பொருள். எல்எம்ஐசி நூலகம் என்றால் அமைப்புக் கோப்பில் இதை மாற்றுங்கள்:

```
//#define CFG_eu868 1
#define CFG_in866 1
```

சட்டம் விட்டாலும் வேறு இரண்டு கை பிடித்து நிறுத்தும். தி திங்ஸ் நெட்வொர்க்கின் பொது சர்வரில் ஒரு நோடு ஒரு நாளைக்கு மொத்தம் 30 விநாடிதான் பேசலாம். இன்னொன்று சிப். எஸ்எக்ஸ்1276-ஐ 20 டிபிஎம் முழுத் திறனில் ஓட்டினால் 1 சதவீதத்துக்கு மேல் அனுப்பாதே என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. சோதனை செய்கிறேன் என்று முழுத் திறனில் 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க.

இனி எஸ்எஃப், அதாவது ஸ்ப்ரெடிங் ஃபேக்டர். எண் கூடக்கூடச் செய்தி மெதுவாகப் போகும், பலவீனமான சிக்னலும் கேட்கும். எங்கள் கொல்லை கானாடுகாத்தான் பக்கம். நடுவில் ஒரு கண்மாய், அதன் கரையெல்லாம் சீமைக்கருவேலம். கேட்வே ஆன்டெனா பழைய வீட்டு மாடியில். நானும் முதலில் எல்லோரையும் போல எஸ்எஃப் 12-இல்தான் ஆரம்பித்தேன். வந்து சேர்ந்தால் போதும் என்ற பயம். ஈரம், வெப்பம், பேட்டரி எல்லாம் சேர்த்து 12 பைட், லோராவேன் தலைப்பு 13 பைட். இந்த 25 பைட்டை 125 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப எஸ்எஃப் 12-க்கு ஏறக்குறைய 1.48 விநாடி ஆகும். எஸ்எஃப் 9-க்கு 0.21 விநாடிதான். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 96 செய்தி. முதல் கணக்கில் 142 விநாடி, இரண்டாவதில் 20. ஐரோப்பாவின் 1 சதவீதத்துக்கு இரண்டுமே உள்ளேதான். ஆனால் 30 விநாடிக்குள் அடங்குவது எஸ்எஃப் 9 மட்டும். பேட்டரியும் ஏழில் ஒரு பங்குதான் செலவாகும் (போர்டு ஒழுங்காகத் தூங்கினால். தூக்கத்திலேயே 1 மில்லிஆம்பியர் குடிக்கிற போர்டில் இந்தக் கணக்கெல்லாம் வீண்).

இவ்வளவு விலை கொடுத்து ஒரு படி ஏறினால் கிடைப்பது சுமார் 2.5 டெசிபல். எஸ்என்ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு பலம் என்பது. எஸ்எஃப் 9 தாங்கும் எஸ்என்ஆர் எல்லை −12.5, எஸ்எஃப் 12-க்கு −20. மூன்று படிக்கும் சேர்த்தே 7.5 டெசிபல்தான்.

என் நோடு தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தது. விதைத்த புதிதில் நன்றாக வந்தது. செடி மண்டியதும் எஸ்என்ஆர் −12-க்கு இறங்கியது, மழை பெய்த காலைகளில் செய்தி விட்டுவிட்டு வந்தது. சித்தப்பா பார்த்துவிட்டு, "செடிக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு அது பேசலங்கிறியே, தூக்கிக் கட்டுப்பா" என்றார். சென்சார் கம்பியை மண்ணில் விட்டு, பெட்டியை மட்டும் 8 அடி ஜிஐ பைப்பின் தலையில் ஏற்றினோம். அன்று மாலையே எஸ்என்ஆர் −3, −4 என்று நின்றது. ஒரு பைப், இரண்டு கிளாம்ப். எட்டு டெசிபல்!

ஆகவே முதலில் கம்பை நிறுத்துங்கள், பிறகு எஸ்எஃப் முடிவு செய்யுங்கள். சோதனைக்கு மட்டும் எஸ்எஃப் 12 வைத்து, இரண்டு மூன்று நாள் கேட்வே சொல்லும் எஸ்என்ஆரைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை நம்பாதீர்கள், ஆக மோசமான எண்களைப் பாருங்கள். அதற்கும் எஸ்எஃப் எல்லைக்கும் நடுவில் 8 டெசிபலாவது மிச்சம் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த இலை அதில் கொஞ்சம் தின்னும். எங்களுக்கு −4, எல்லை −12.5, மிச்சம் 8.5. அதனால் எஸ்எஃப் 9. மிச்சம் போதவில்லை என்றால் எஸ்எஃப் 10-க்குப் போய், அனுப்பும் இடைவெளியை 30 நிமிடமாக்குங்கள். பேசும் நேரம் அதே 20 விநாடியில் நிற்கும். மண் ஈரம் அரை மணியில் ஓடிப்போகாது.

நான் மாட்டிக்கொண்ட இன்னொன்று: மூன்று நோடையும் ஒரே காலையில், அடுத்தடுத்து ஆன் செய்தேன். சரியாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றும் எழுந்து, இரண்டு ஒன்றின் மேல் ஒன்று பேசின. சில நேரம் ஒன்று வரும், சில நேரம் எதுவும் வராது, ஆனால் வந்ததில் எஸ்என்ஆர் நன்றாக இருக்கும். சிக்னல் பழுதல்ல, மோதல் என்பதற்கு அதுவே அடையாளம். ஒவ்வொரு தூக்கத்தோடும் இப்படிக் கொஞ்சம் தாறுமாறான நேரத்தைச் சேர்த்ததும் நின்றுவிட்டது:

```
sleepSec = 900 + random(-45, 46);
```

`randomSeed()`-க்கு மூன்று நோடிலும் வேறு வேறு எண் கொடுங்கள். நான் முதலில் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, மூன்றும் ஒரே மாதிரி தாறுமாறாக எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.